தேவையான அளவு

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு விடுதியின் துப்புரவுப் பணியாளர் குளோரின் வாயுவை மூச்சில் இழுத்ததற்கு நான் எழுதிக் கொடுத்த தமிழ்தான் காரணம். வேலைக்காரருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று விடுதிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். படித்தபடியே செய்தார்.

எனக்கு டி.டி.பி. கடை. அழைப்பிதழ், பத்திர நகல், அறிவிப்புப் பலகை எல்லாம் செய்கிறேன். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம், நானும் அப்படித்தான். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு எது வந்தாலும் மொழிபெயர்க்க என்னிடம் வரும். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் விடுதிகளைக் கழுவி விடுவார்கள். அப்போது ஒரு விடுதியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தரையும் கழிப்பறையும் கழுவும் திரவம், ஐந்து லிட்டர் கேன், லேபிளில் தெலுங்கு. "தமிழ்ல அடிச்சு லேமினேட் பண்ணிக் குடுங்க, பாத்ரூம்ல ஒட்டணும்" என்றார்கள்.

படத்தில் இரண்டு கோளாறு. ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து, எத்தனை பங்கு தண்ணீர் என்ற எண் வெள்ளையாகிப் போயிருந்தது. இன்னொன்று, கேனின் வளைவில் எச்சரிக்கை வரியின் கடைசி மறைந்திருந்தது. 'ஆம்லாலதோ கலப' வரை தெரிந்தது. அதற்குமேல் இல்லை.

தெலுங்கிலும் தமிழிலும் தடை என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்பது முதலிலேயே வந்துவிடும், ஓரம் வெட்டுப்பட்டாலும் தடை நிற்கும். நம் மொழிகளில் ஓரம் வெட்டுப்பட்டால் 'கலக்க' என்பது மட்டும் மிஞ்சும். அந்த வரி 'கலபராது' என்றுதான் முடியும் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும். ஏறக்குறையத்தான். இன்னொரு படம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். கேட்கச் சோம்பல், தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். 'அமிலங்களுடன் கலப்பதைத் தவிர்ப்பது நல்லது' என்று அடித்தேன். என் சந்தேகத்தை மறைக்க எச்சரிக்கையின் குரலைத் தாழ்த்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. 'விஷவாயு வெளிவரும்' என்று தெளிவாகத் தெரிந்த அடுத்த வரியையும், இதற்குத் தோதாக 'வெளிவரக்கூடும்' ஆக்கினேன்.

எண் தெரியாத இடத்தில் 'தேவையான அளவு தண்ணீரில் கலந்து' என்று போட்டேன். சமையல் குறிப்பு உப்புக்குச் சொல்வது அது. உப்பு போதாவிட்டால் நாக்கு சொல்லிவிடும். இந்தத் திரவத்துக்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. மணம் தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்று நினைப்பவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போவார்கள்.

இன்னொரு தவறு, சரியான சொல்லாகவே இருந்தது. 'அமிலம்.' அகராதிப்படி பிழையில்லை. ஆனால் கழிப்பறைக் கறைக்கு ஊற்றுவதை எங்கள் ஊரில் யாரும் அமிலம் என்பதில்லை, 'ஆசிட்' என்பார்கள். நீலமாக, வாசனை சேர்த்து வருவதை ஆசிட் என்றுகூட நினைப்பதில்லை, 'பாத்ரூம் லிக்விட்'தான். அதிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டி.

நடந்தது இது. அந்த அம்மா பீங்கானில் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றி ஊறவிட்டார். கறை முழுதும் போகவில்லை. அதன்மேலேயே புதுத் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றித் தேய்க்க உட்கார்ந்தார். திரவத்தில் இருந்தது சோடியம் ஹைப்போகுளோரைட். ஆசிட் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயுவாகப் பிரியும். குளோரின் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். நின்றிருப்பவரைவிடக் குந்தியிருப்பவருக்கு அதிகம் போகும். மூடிய சிறு குளியலறை வேறு. கண் எரிந்து, தொண்டை பிடித்து, இருமல் நிற்காமல் வெளியே ஓடிவந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருமல் அடங்கியும் மருத்துவர் உடனே அனுப்பவில்லை. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கும், அதனால் ராத்திரி வரை வைத்திருந்தார்கள். வீடு திரும்பிவிட்டார், இப்போது நலம்.

நான் போய்ப் பார்த்தேன். "தாளுல கூடாதுன்னு போடலியேண்ணா. நல்லதுன்னுதான போட்டிருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கேனைக் கையில் எடுத்துப் படித்தேன். ஐந்து விழுக்காடு ஹைப்போகுளோரைட். தரைக்கு ஒரு பங்கு திரவம், ஒன்பது பங்கு தண்ணீர், அதாவது அரை விழுக்காடாக இறங்கும். இதையும் '1:9' என்று அடித்தால் போதாது. ஒன்பதில் ஒன்றா, ஒன்பதோடு ஒன்றா என்று ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். வேலை செய்கிறவர் கையில் இருப்பது மக்கும் வாளியும்தான். '1 லிட்டர் மக்கில் ஒரு மக் திரவம், அதே மக்கில் 9 மக் பச்சைத் தண்ணீர்' என்று எழுதினேன். பச்சைத் தண்ணீர் என்பது என் சேர்க்கை இல்லை, வெந்நீர் வேண்டாம் என்று லேபிளிலேயே இருக்கிறது. சூட்டில் திரவம் சிதைந்து நெடி கிளம்பும். லேபிளில் இல்லாத எண் எதையும் நானாகப் போடவில்லை. படத்தில் ஒரு எண் தெரியாவிட்டால் இப்போதெல்லாம் வேலையை அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

புதுத் தாளின் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். கோயில் அறிவிப்பும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து அடித்து என் கை 'அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்றே போகும். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மின்வாரியம் 'அபாயம்' என்று எழுதி மண்டையோடு வரைகிறதே, அதை யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. ஜப்பானில் 1980களின் கடைசியில் இதே இரண்டு திரவங்களும் கலந்து வீடுகளில் உயிர் போனது. அதன் பிறகு அங்கே பாட்டிலின் முன்புறத்திலேயே பெரிய எழுத்தில் 'கலக்காதே, ஆபத்து' என்று அச்சிட்டார்கள். பேச்சில் அத்தனை பணிவு பார்க்கும் அந்த மொழியில்கூட அந்த இடத்தில் 'தயவுசெய்து' கிடையாது. நானும் 'கலக்காதே! அபாயம்' என்று சிவப்பில் போட்டேன். கீழே: 'ஆசிட், நீல பாத்ரூம் லிக்விட், வேறு எதோடும் கலக்காதே. விஷவாயு வரும். நெடி வந்தால் ஊற்றியதை அப்படியே விட்டு வெளியே போ. 108.' ஒரே சொல்லில் தடை நிற்பதால் வரி எங்கே உடைந்தாலும் அது அறுந்துபோகாது. 'கலக்கக் கூடாது' என்று பிரித்து எழுதினால் 'கூடாது' அடுத்த வரிக்கு இறங்கும், தாளின் அடி ஈரத்தில் நைந்தால் அதுதான் முதலில் போகும்.

புதுத் தாளை அந்த விடுதியில் நானே ஒட்டினேன். பழையதை அவர்கள் ஜெராக்ஸ் எடுத்து வேறு சில விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், எங்கெங்கே என்று அவர்களுக்கே நினைவில்லை. திருத்தணிக்கு வருகிறவர்கள் தங்குமிடத்தின் குளியலறையில் 'தேவையான அளவு தண்ணீரில் கலந்து' என்று தொடங்கும் தாளைப் பார்த்தால், யாரையும் கேட்க வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுங்கள். அறையைக் கூட்ட வருபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.