நாலு தறி போன பிறகும்

எங்கள் தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகள் இருந்தன. போன வருடம் தை மாதம் நாலை விற்றுவிட்டோம். கடன் ஒரு காரணம். அப்பாவின் காது இன்னொரு காரணம். தறிகளை ஏற்றிக்கொண்டு வண்டி போன அன்று அம்மா, "இனி பாதி சத்தம்தான். கொஞ்சமாவது நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

மறுநாள் மீதி நாலும் ஓடத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் அம்மா புறக்கடை வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா கண்ணு, நாலுதானே ஓடுது? எட்டு ஓடுன மாதிரியே இருக்குதே."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. இடம் காலியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் காது அதை ஒத்துக்கொள்ளவில்லை. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் ஒலி அளக்கும் கருவியை இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். போன் செயலியை நம்பவில்லை. இவ்வளவு சத்தத்தில் போனின் மைக் திணறிப்போய்த் தப்பான எண்ணைக் காட்டிவிடும்.

குடோனின் நடுவில், நாலு தறிக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் கருவியை வைத்தேன். அப்பா தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டினார். ஒரு தறி: 91 டெசிபல். இரண்டு: 94. நாலு: 97. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி அளந்தேன். அதே எண்கள்தான். தறி இரண்டு மடங்கானால் எண் மூன்று கூடுகிறது, அவ்வளவே. எட்டும் ஓடிய காலத்தில் அது 100 இருந்திருக்கும்.

பள்ளியில் மடக்கை படித்தபோது எதற்கென்று புரியவில்லை. இங்கே புரிந்தது. டெசிபல் என்பது காதை வந்து சேரும் ஆற்றலின் அளவு அல்ல. அந்த ஆற்றல் எத்தனை மடங்கு என்பதன் மடக்கை. அதனால் பெருக்கல் எல்லாம் இங்கே கூட்டலாகிவிடுகிறது. இரண்டு மடங்கு என்றால் 3 கூட்டு, பத்து மடங்கு என்றால் 10 கூட்டு. ஒரே மாதிரியான n தறிகளுக்கு எங்கள் குடோனின் கணக்கு இவ்வளவுதான்:

L = 91 + 10 log10(n)

தறிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து அடிப்பதில்லை. ஒன்றில் நாடா இடப்பக்கம் போய் மோதும்போது இன்னொன்றில் வலப்பக்கம் மோதும். அதனால் ஆற்றல்கள் வெறுமனே கூடுகின்றன. ஒரே பாட்டைப் பாடும் இரண்டு ஒலிபெருக்கி என்றால் கதை வேறு. அலைகள் ஒன்றுமேல் ஒன்று பொருந்தும் இடத்தில் 6 டெசிபல் வரைக்கும் ஏறும், முரணாகும் இடத்தில் இறங்கிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு கொடுமை இருக்கிறது. எட்டில் ஒரு தறியை நிறுத்தினால் குறைவது வெறும் 0.6 டெசிபல். யாருக்கும் தெரியாது. ஒரு சத்தம் காதுக்குப் பாதியாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் இறங்க வேண்டும், அதாவது ஆற்றல் பத்தில் ஒரு பங்காக வேண்டும். எட்டுத் தறியில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு தறிகூட இல்லை! அம்மா எதிர்பார்த்த "பாதி சத்தம்" வேண்டுமென்றால் ஏழை விற்று, எட்டாவதையும் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும்.

சரி, தறியைக் குறைக்க முடியாது, தள்ளிப் போகலாமே என்று தோன்றியது. குடோன் கதவிலிருந்து அம்மா படுக்கும் அறை ஐந்து மீட்டர். அங்கே 77 டெசிபல். தூரத்துக்கு வேறு கணக்கு. வெட்டவெளியில் சத்தம் உருண்டையாக விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே ஆற்றல் நாலு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். நாலில் ஒரு பங்கு என்றால் 6 டெசிபல் குறைவு. தறிகளைப் பாதியாக்கியதால் கிடைத்ததைப் போல இரண்டு பங்கு, வெறுமனே நடந்து போனாலே கிடைக்கிறது.

தெருப்பக்க அறை இருபது மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு முறை இரட்டிப்பு. 12 குறைந்து 65 வர வேண்டும். கருவி 68 காட்டியது. காரணம் சந்து. இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் சத்தம் விரிந்து போக வழியில்லாமல் எதிரொலித்துக்கொண்டே வருகிறது. ஆனாலும் 9 டெசிபல் லாபம். அன்றைக்கே அம்மாவின் கட்டிலைத் தூக்கிப் போட்டோம். நாலு தறியை விற்றுக் கிடைக்காத தூக்கம் கட்டிலை நகர்த்தியதில் கிடைத்தது.

அப்பாவுக்கு அந்த வழி இல்லை. குடோனுக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கருவியோடு நடந்தேன். எண் ஒன்று, ஒன்றரைக்கு மேல் அசையவில்லை. தகரக் கூரையும் சிமெண்ட் சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. உள்ளே தூரம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

"அப்போ வித்தது வீண்தானா?" என்று அம்மா கேட்டார். நானும் ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காது கேட்பதும் காது கெடுவதும் ஒரே கணக்கில் நடப்பதில்லை. கேட்பது மடக்கையில், கெடுவது பெரும்பாலும் உள்ளே போன மொத்த ஆற்றலில். அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அதன்படி 100-இல் பதினைந்து நிமிடம். 97-இல் அரை மணி. நாலு தறி போனதில் அப்பாவுக்குப் பாதுகாப்பான நேரம் இரண்டு மடங்கானது உண்மை. ஆனால் அவர் நிற்பது பன்னிரண்டு மணி நேரம், முப்பது வருடமாக.

அவருடைய காது பரிசோதனைத் தாளில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடும் இடம் அது. ச, ஸ போன்ற மெல்லிய எழுத்துகள் கேட்கும் பகுதி. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன சொன்னோம் என்பதுதான் தெரியவில்லை. "சரிங்கப்பா" என்றால் "என்னப்பா?" என்பார். திமிராகப் பதில் சொல்கிறார் என்று இத்தனை வருடம் நான் கோபப்பட்டிருக்கிறேன்.

போன இழை திரும்பாது. இருப்பதைக் காக்கலாம். பஞ்சு போன்ற நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, சரியாகச் செருகினால் 15 டெசிபலாவது குறையும். 97 என்பது 82 ஆகிவிடும், வரம்புக்குக் கீழே. நாலு தறியை விற்றதில் கிடைத்தது மூன்று. பத்து ரூபாய் நுரையில் பதினைந்து.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பாவு இழை அறுந்தா தறி சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான்டா ஓடறேன். அடைச்சுட்டா எப்படி?" நியாயமான பயம். அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் இறக்குகிறது, மாற்றம் அப்போதும் தெரியும் என்றேன். ஒரு தறியின் இழையை வேண்டுமென்றே அறுத்துக் காட்டச் சொன்னார். அடைப்பானோடு நின்றார். திரும்பிப் பார்த்துவிட்டார்.

இப்போது போடுகிறார், ஒரு காதில் மட்டும். இன்னொன்று தறிக்காம். அம்மா தினமும் சண்டை போடுகிறார். அவருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் பக்கத்தில் போய்.