பொருள்: வளாக முகவரி - சார்பு

தம்பிக்கும் எனக்கும் பதினோரு வயசு வித்தியாசம். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் ஒன்று, சீருடை ஒன்று, பஸ்ஸில் எழுதியிருக்கும் எழுத்துகூட அதே பச்சைதான். 2024 ஜூனில், பெங்களூரில் ஒரு பள்ளியின் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோதுதான் அது அப்படி இல்லை என்று தெரிந்தது.

ஜனவரியில் அப்பா போய்ச்சேர்ந்தார். ஊரில் அம்மாவும் தம்பியும் மட்டும். அம்மா பீடி சுற்றிச் சம்பாதித்ததில் வாடகை கொடுத்து, மூவாயிரத்துச் சொச்சம் டேர்ம் பீஸும் கட்டி முடியாது. நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். அதனால் எட்டாவது முடித்ததும் அவனை இங்கே ஒன்பதாவதில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஊர் வீட்டைக் காலி செய்து, அட்வான்ஸையும் திருப்பி வாங்கியாயிற்று. டி.சி.யும் கையில் இருந்தது. இனி என்ன தடை?

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். மூன்று காகிதங்களை வரிசையாக வைத்தார். "நீங்க பாரத்துல எழுதின அட்ரஸ் இது. டி.சி. மேல அச்சடிச்சதும் இதேதான். ஆனா கீழ ரவுண்ட் சீல் பாருங்க, வேற அட்ரஸ். கம்ப்யூட்டர்ல யூடைஸ் நம்பர் போட்டா சீல்ல இருக்கறதுதான் வருது, மாவட்டம் தென்காசின்னு. டி.சி.ல திருநெல்வேலின்னு இருக்கு. நாங்க சரிபார்க்க அனுப்பின தபாலும் திரும்பி வந்துடுச்சு. எந்த ஸ்கூல் இது?"

பாரத்தில் 'முன்பு பயின்ற பள்ளியின் முகவரி' என்ற இடத்தை நிரப்பியது நான். யோசிக்காமல், மனப்பாடமாக, பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவை எழுதியிருந்தேன். நான் 2015-இல் பத்தாவது முடித்து வெளியே வந்தது அந்தக் கட்டடத்திலிருந்துதான். பள்ளி அங்கிருந்து 2018-இல் பைபாஸ் ரோட்டுக்குப் போய்விட்டது. அப்போது தம்பி மூன்றாவது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் புதுக் கட்டடத்தை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. அங்கே ஒரு வளைகாப்புக்குச் சாப்பிடவும் போயிருக்கிறேன். ஆனாலும் கை பழைய தெருவைத்தான் எழுதியது.

டி.சி.யில் பழைய முகவரி வந்ததற்குக் காரணம் அதைவிடச் சாதாரணமானது. இடம் மாறுவதற்கு முன்பு அச்சடித்த டி.சி. புத்தகம் மிச்சம் இருந்தது. அதில் பள்ளி பெயர், தெரு, கல்வி மாவட்டம், வருவாய் மாவட்டம் எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பையன் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை இவற்றை மட்டும் பேனாவால் எழுதுவார்கள். சீல் மட்டும் புதிது. போதாததற்கு 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானது. ஒரு அடி நகராமலே ஊருக்கு மாவட்டம் மாறிவிட்டது. புதுக் கட்டடமோ நகராட்சி எல்லையைத் தாண்டி, பக்கத்துப் பஞ்சாயத்தில் இருக்கிறது. அதற்கு பின்கோடும் வேறு.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கே புரிந்துவிடவில்லை. அன்றைக்கு வந்தது கோபம்தான். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, நான் நேர போயி வேற டி.சி. எழுதித் தரச் சொல்லவா? இல்லன்னா அந்த அட்ரஸ அடிச்சுட்டு மேல எழுதித் தரட்டும்."

நல்லவேளை, அம்மா அப்படிப் போகவில்லை. டி.சி.யின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், யாரும் படிப்பதில்லை. சான்றிதழில் அழித்தாலோ, அத்தாட்சி இல்லாமல் திருத்தினாலோ அது ரத்தாகும் என்பதுதான் அந்தக் குறிப்பு. தலைமையாசிரியர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருத்தலாம்தான். ஆனால், வெளி மாநிலத்தில் ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கிறவர் கையில் அடித்துத் திருத்திய டி.சி.யைக் கொடுத்தால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. புது டி.சி. கேட்பதும் சரிவராது. ஒவ்வொரு டி.சி.க்கும் வரிசை எண் உண்டு, பள்ளியின் பதிவேட்டிலும் அது ஏறியிருக்கும். மறுபடி எழுதினால் நகல் என்று முத்திரை விழும். தொலைந்துபோன ஒன்றுக்குத்தான் நகல்; எனக்குத் தொலையவில்லையே.

அதனால் ஒரே வழி, டி.சி.யை அப்படியே விட்டுவிட்டு, அதில் உள்ள முகவரி என்ன, இப்போதைய முகவரி என்ன, இரண்டும் ஒரே பள்ளிதானா என்று முதல்வரிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வாங்குவது. அலுவலகத்து அம்மாவும் அதைத்தான் சொன்னார். பத்து நாள் தந்தார். அதற்குள் வராவிட்டால் இடம் வேறு பையனுக்குப் போய்விடும். தம்பி ஒரு வருஷம் பெரியம்மா வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

டி.சி. தாமதமானால் சேர்க்கையைத் தள்ளிப்போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என ஒரு தோழி சொன்னாள். இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது. தம்பி எட்டாவதை முடித்துவிட்டான், போவதும் தனியார் பள்ளி. சட்டம் சரியாக அவன் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது.

ராத்திரி உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முதல் கடிதம் முழுக்கக் குற்றச்சாட்டு. 'தங்கள் பள்ளியின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். இரண்டாவது கடிதம் அதற்கு நேர்மாறாக ஒரே அழுகை: அப்பா போனது, வீடு காலி செய்தது, எல்லாம். இரண்டையும் படித்துப் பார்த்தேன். இவற்றை வாங்கிப் படிக்கிற முதல்வர் என்ன எழுதித் தர வேண்டும் என்பது இரண்டிலுமே இல்லை.

இதில் ஒரு சங்கடம் வேறு. இப்போதைய முதல்வர் எனக்குத் தமிழ் எடுத்த டீச்சர். ஒன்பதாவதில் 'விடுப்பு விண்ணப்பம்' எழுதச் சொல்லி, பொருள் என்ற வரியில் கதை எழுதக்கூடாது என்று என் நோட்டில் சிவப்புக் கோடு போட்டவர். அவருக்கே ரெண்டு பக்கப் புலம்பலா?

மூன்றாவது கடிதம் இப்படி வந்தது:

'பொருள்: மாற்றுச் சான்றிதழில் உள்ள வளாக முகவரியை உறுதிசெய்து கடிதம் வழங்கக் கோருதல் - சார்பு.

பார்வை: மே மாதம் வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழ் (நகல் இணைப்பு).

அம்மா, என் தம்பி தங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் பெற்றுள்ளான். சான்றிதழின் தலைப்பில் உள்ள முகவரியும் முத்திரையில் உள்ள முகவரியும் வேறுபடுவதால் புதிய பள்ளி விளக்கம் கேட்டுள்ளது. பள்ளியின் தற்போதைய வளாக முகவரி, அஞ்சல் எண், மாவட்டம் ஆகியவற்றையும், இரு முகவரிகளும் ஒரே பள்ளியைக் குறிப்பவை என்பதையும், சான்றிதழின் வரிசை எண்ணையும் பள்ளியின் யூடைஸ் எண்ணையும் குறிப்பிட்டு, பள்ளியின் கடிதத்தாளில் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.'

அவ்வளவுதான். அப்பா இல்லை, வீடு இல்லை. மெயிலில் அனுப்பிவிட்டு, ஸ்பீட் போஸ்ட்டிலும் போடலாம் என்று கவர் எடுத்தேன். பெறுநர் முகவரி எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. பைபாஸ் ரோடு என்று எழுதினேன். பின்கோடு எனக்குத் தெரியவில்லை, தம்பியிடம்தான் கேட்டேன். அவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆறு எண்ணையும் சொன்னான். "யக்கா, ஐ.டி. கார்டுல இருக்கும்லா."

மறுநாள் மத்தியானம் டீச்சரே போன் செய்தார்.

"லெட்டர் நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா ஒண்ணு விட்டுட்ட. அவன் எந்த வருஷம் எங்க படிச்சான்னு கேக்கல. எல்.கே.ஜி. சேர்ந்த தேதி 2014-னு டி.சி.ல இருக்கு. அப்போ பழைய கட்டடம்தானே? நான் வெறுமனே இப்ப உள்ள அட்ரஸ் மட்டும் குடுத்தா, சேர்ந்த தேதிக்கு அந்தக் கட்டடமே கிடையாதேன்னு அடுத்த கேள்வி வரும்."

நான் அதை யோசிக்கவே இல்லை. டி.சி.யில் இரண்டு தேதிகள் இருக்கின்றன, சேர்ந்தது, விலகியது. முதல் தேதிக்குப் பழைய முகவரியும் திருநெல்வேலியும் சரி. இரண்டாவது தேதிக்குப் புதிய முகவரியும் தென்காசியும் சரி. ஆக, தலைப்பில் அச்சாகியிருந்தது முழுப் பொய்யும் இல்லை.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். பள்ளி இடம் மாறுவது வீடு மாறுகிற மாதிரி இல்லை. அங்கீகாரம் அந்தக் கட்டடத்தோடு கட்டப்பட்டது. கட்டட உறுதிச் சான்று, உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் புது இடத்துக்குப் புதிதாக வாங்கவேண்டும். கும்பகோணத்தில் 2004-இல் பள்ளி தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தபிறகு இதிலெல்லாம் கெடுபிடி கூடியது. "அதனால இடமாற்றத்துக்கு அனுமதி குடுத்த உத்தரவு எங்ககிட்ட ஃபைல்ல இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் போட்டுத் தாரேன். நாங்க சொல்றத விட அது பேசும்."

"டி.சி. புத்தகம் டீச்சர்?" என்றேன். கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"அது எங்க தப்புதாம்மா. முந்நூறு தாளு மிச்சம் இருக்குன்னு ஆபீஸ்ல வச்சுட்டாங்க. இனி மேல ரப்பர் ஸ்டாம்ப் குத்தித்தான் குடுக்கணும். உன்னோட சேத்து மூணு பேரு கேட்டுட்டாங்க."

வெளி மாநிலம் போவதால் கல்வி அலுவலரின் மேலொப்பமும் வேண்டும் என்று பெங்களூர் பள்ளி கேட்டிருந்தது. டி.சி.யில் அச்சாகியிருந்ததை நம்பி அம்மாவைத் திருநெல்வேலிக்கு அனுப்ப இருந்தேன். போயிருந்தால் ஒரு நாள் பீடிக் கூலியும் பஸ் காசும்தான் வீண். பள்ளி இப்போது எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்து அலுவலகம்தான் ஒப்பமிட முடியும். அம்மா தென்காசிக்குப் போனாள். கடிதத்தையும் டி.சி.யையும் சேர்த்துக் கொடுத்ததில் ரெண்டாம் நாளே ஒப்பம் கிடைத்தது.

எட்டாம் நாள் கவர் வந்தது. ஒரு பக்கக் கடிதம். '2014 முதல் 2018 மே வரை மேற்கண்ட பழைய வளாகத்திலும், 2018 ஜூன் முதல் தற்போதைய வளாகத்திலும் பயின்றான்' என்று ஒரு வரி. கீழே உத்தரவு எண். அடியில் டீச்சரின் அதே சாய்ந்த கையெழுத்து, பச்சை மையில்.

அலுவலகத்து அம்மா மூன்று காகிதத்தோடு இதையும் நான்காவதாக வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பழைய பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று நீட்டினார்.

தம்பியிடம் கொடுத்தேன். "நீயே எழுது."

முன்பு பயின்ற பள்ளியின் முகவரிக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள். அவன் பைபாஸ் ரோட்டை எழுதி, பின்கோடும் போட்டுவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பழசையும் எழுதணுமா யக்கா? எனக்கு அந்தத் தெரு பேரு தெரியாது."