நோய்ப்படுக்கையிற் கேட்ட பாடல்கள்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய ஆசிரியர்களைப் பற்றியோ விளையாட்டு மைதானத்தைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதத் துணிகின்றேன். என் வகுப்புத் தோழர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும். தந்தையாரை நோய்ப்படுக்கையில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கும் பயன்படலாம்.

சென்ற ஆண்டு எனக்கு இருதயத்திற் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அடைபட்ட இரத்தக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் என்னும் சிகிச்சை அது. மார்பெலும்பை நெடுக்காக அறுத்துத் திறந்து, வேலை முடிந்தபின் உருக்குக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் எதனையும் தூக்கலாகாது. கைகளை ஊன்றி எழும்பலாகாது. மல்லாந்தே உறங்க வேண்டும். இருமல் வந்தால் தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டே இரும வேண்டும்.

இவையெல்லாம் எனக்கு முன்னரே சொல்லப்பட்டவை. வீட்டுக்கு வந்த நான்காம் நாள், காரணம் எதுவுமின்றி என் கண்கள் கலங்கியமைதான் நான் எதிர்பாராதது. அதன்பின் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணியளவில் மனம் கிணற்றுக்குள் இறங்கும் வாளிபோலத் தாழ்ந்து சென்றது. இச்சிகிச்சைக்குப் பின்னர் முதற் சில வாரங்களில் இத்தகைய சோர்வு பலருக்கும் வருவதுதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அறிந்திருப்பது வேறு, அனுபவிப்பது வேறு.

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாட்டை மருந்தாகப் பரிந்துரைத்தார்கள். பக்தியுள்ள உறவினர் ஒருவர், அப்பர் பெருமான் சூலை நோயால் வருந்திப் பாடிய முதற்பதிகத்தை நாள்தோறும் கேட்கும்படி சொன்னார். நோய் நீங்கப் பாடிய பதிகமாதலால் பொருத்தமானதென்பது அவர் எண்ணம். ஆனால் அது நோவின் நடுவே நின்று கதறும் பதிகம். அதனைக் கேட்கக் கேட்க என் மார்பு நோவையே நான் எண்ணலானேன். என் மைத்துனரோ சிரித்தால் நோய் போகுமென்று, நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ பாடலைப் போட்டார். யாழ்ப்பாணத்தார் எவரும் அதற்குச் சிரியாதிருக்க முடியாது, நானும் சிரித்தேன். அறுத்த எலும்பிற் கத்தி மீண்டும் இறங்கியது போலிருந்தது. மூன்றாவது தவறு என்னுடையது. இளமையில் நான் மிக விரும்பிய பாடலென்று, ‘ராமு’ (1966) படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ என்பதை இரவிலே தனித்துக் கேட்டேன். குரல் இனியதுதான். ஆனால் அதன்பின் விடியும்வரை உறக்கம் வரவில்லை.

இந்நிலையில் என் வகுப்புத் தோழர் ஒருவர் வந்தார். பாடசாலைகளிற் சங்கீத ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “நீர் பாட்டைத் தெரிந்தெடுக்கவில்லை, பாட்டுத்தான் உம்மைத் தெரிந்தெடுத்தது. இந்த ராகம் இந்த நோய்க்கு மருந்தென்று சொல்லுவோர் சொல்லட்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு கேட்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு” என்றார்.

அவர் வகுத்த ஒழுங்கு மூன்று படிகளைக் கொண்டது.

முதல் இரண்டு வாரங்களுக்குச் சொல்லில்லாத இசை. மயக்க மருந்தும் நோ மருந்தும் சேர்ந்த உடலில் மனம் நெடுநேரம் ஒன்றிலும் நிற்பதில்லை. சொற்கள் வந்தால் அவை பொருளை நோக்கியும் பழைய நினைவுகளை நோக்கியும் மனத்தை இழுத்துச் செல்லும். ஆகவே வீணையும் புல்லாங்குழலும் போதும் என்றார். தாலாட்டுக்குரிய நீலாம்பரியை இரவிலும், மோகனத்தைக் காலையிலும் கேட்டேன். வேகத்தை அளக்கவும் ஒரு வழி காட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தபடி விரலால் தாளம் தட்டினால், நிமிடமொன்றுக்கு 60 முதல் 80 தட்டுகளுக்குள் அமைய வேண்டும். ஆறுதலாக இருக்கும் மனிதனின் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. நூற்றைத் தாண்டினால் அப்பாட்டுப் பின்னைய வாரங்களுக்கு உரியது.

இதில் நான் கண்ட இடையூறு ஒன்றுண்டு. கச்சேரி ஒலிப்பதிவுகளில் கீர்த்தனை முடியுந் தறுவாயில் தனி ஆவர்த்தனம் தொடங்கும். அதன் முடிவிற் கரகோஷம் எழும். அரைத்தூக்கத்தில் இருப்பவனுக்கு அது வெடிபோல் இருக்கும். கைத்தொலைபேசியிற் கேட்டாலோ, நீலாம்பரியின் நடுவே விளம்பரம் பாய்ந்து வரும். என் பேரன் வேண்டிய பகுதிகளை மட்டும் பதிவுசெய்து, “அப்பப்பா, இனி ஒன்றும் குறுக்கே வராது” என்று தந்தான். ஒலி, பக்கத்தில் இருப்பவர் பேசும் குரலினும் தாழ்ந்திருக்க வேண்டும். ஒருமுறைக்கு அரைமணி நேரம் போதும். நாள் முழுதும் ஒலிக்கவிட்டால் அது இசையாக இராது, மின்விசிறியின் இரைச்சல் போலாகிவிடும். சோர்வு வந்தபின் போடாமல், அது வருவதற்குக் காற்பங்கு மணி முன்னரே, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, வீணையைத் தொடங்கச் சொன்னார் நண்பர். எனக்கு மிகவும் உதவிய அறிவுரை அதுவே.

மூன்றாம் வாரத்திலிருந்து சொல்லுள்ள பாடல்கள். நோயாளி முன்பே அறிந்தவையாகவும், ஏக்கமோ பிரிவோ மிகாதவையாகவும் இருத்தல் வேண்டும். நான் நான்கைந்து பாடல்களையே வைத்துக்கொண்டேன். பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’, ‘மணமகள்’ (1951) படத்தில் எம். எல். வசந்தகுமாரியின் குரலில் வருவது. அவருடைய ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’, ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் ஸ்ரீநிவாசும் சுசீலாவும் பாடியது. ‘ஆண்டவன் கட்டளை’ (1964) படத்தின் ‘அமைதியான நதியினிலே ஓடம்’. கடைசிப் பாடலின் அசைவு துடுப்புப் போடும் அசைவு. உடல் தானாகவே அதற்கு இசைந்து மூச்சு விடும்.

இப்பாடல்களுக்கு வேறொரு பயனும் உண்டு. பழைய பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். அந்நாட் பாடல்களிற் பல அந்த அளவை ஒட்டியே அமைந்தன. வைத்தியர் என்னை வீட்டுக்குள்ளே சிறிது சிறிதாக நடக்கச் சொல்லியிருந்தார். நான் ஒரு பாட்டு முடியும்வரை விறாந்தையில் நடப்பேன்; பாட்டு நின்றதும் சாய்மனைக் கதிரையில் அமர்வேன். மூன்றாம் வாரம் ஒரு பாட்டு, நான்காம் வாரம் இரண்டு, ஐந்தாம் வாரம் நான்கு. மணிக்கூட்டைப் பார்த்து நடந்தபோது ஐந்து நிமிடம் நெடும்பயணமாக இருந்தது. கண்ணம்மாவோடு நடந்தபோது அத்தூரம் தெரியவில்லை.

நடக்கும்போது மெல்ல முனகும்படியும் நண்பர் சொன்னார். வாய்விட்டுப் பாடுவது மார்பை இழுக்கும். முனகினால் மூச்சு நீண்டு மெதுவாக வெளிவரும். அதுவே ஓர் அளவுகோலும் ஆகும். நடந்துகொண்டே ஓர் அடியை முனக முடியாமல் மூச்சு வாங்கினால் நடை கடுமையென்று பொருள். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் மூச்சு வாங்குதல் தணியாவிடின் பாட்டை நிறுத்திவிட்டு வைத்தியரை அழைக்க வேண்டும்.

இசையின் எல்லையையும் இங்கே சொல்லவேண்டும். 2015ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில், சத்திரசிகிச்சையும் இசையும் பற்றிய 73 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. இசை கேட்டவர்களுக்கு நோவும் பதற்றமும் குறைந்தன, நோ மருந்தின் தேவையும் குறைந்தது என்று அது காட்டிற்று. வைத்தியசாலையில் தங்கும் நாள்கள் மட்டும் குறையவில்லை. இசை நோவைத் தாங்க உதவும். எலும்பு பொருந்தும் காலத்தைச் சுருக்காது.

மனத்துக்கும் அவ்வாறே ஓர் எல்லையுண்டு. நான்காம் வாரத்தில் எனக்குப் பாட்டே வேண்டாமென்றாகிவிட்டது. கண்ணம்மாவும் ஓடமும் வெறும் ஓசையாகக் கேட்டன, உணவு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தது. பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்றேன். என் மனைவி, “இஞ்சாருங்கோ, பிடித்த பாட்டே பிடிக்கவில்லையென்றால் குறை பாட்டில் இல்லை. வைத்தியரிடம் சொல்லுவோம்” என்றாள். அவள் சொன்னதே சரி. வந்து போகும் சோர்வுக்குப் பாட்டு உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் நீங்காது நிற்கும் சோர்வு வைத்தியத்துக்குரிய நோய். வைத்தியர் விசாரித்து, மருந்து ஒன்றை எழுதினார். மனநல வைத்தியர் ஒருவரோடு பேசவும் ஒழுங்கு செய்தார். சில வாரங்களிற் பாட்டு மீண்டும் பாட்டாகக் கேட்டது. நான் தேறுகின்றேன் என்பதை முதலில் எனக்கு அறிவித்ததும் அதுவே.

மூன்றாம் படிக்கு வந்தபோது பத்தாம் வாரம் ஆகிவிட்டது. எலும்பு பொருந்திவிட்டதென்று வைத்தியர் சொன்ன மறுநாள், என் தோழரும் மைத்துனரும் ஒருங்கே வந்தார்கள். மைத்துனர் தயங்கித் தயங்கி, “அந்த மாமியைப் போடலாமா?” என்று கேட்டார். நான் பழைய தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, போடும் என்றேன். விறாந்தை முழுவதும் சிரித்தது. சிறிது நேரங் கழித்துத்தான், தலையணை என் கையில் இல்லை, நிலத்தில் விழுந்து கிடக்கின்றது என்பதைக் கண்டேன்.