ஊசி வீரனும் ஏட்டு ஏகாம்பரமும்

நேற்று பேத்தி பள்ளியிலிருந்து தடுப்பூசிச் சீட்டோடு வந்தாள். 2017 பிப்ரவரி ஞாபகம் வந்துவிட்டது.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போட்ட வருடம் அது. வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பயந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று என் அக்கா மகன் கணினியில் நாலு நிமிடப் பொம்மைப் படம் செய்து தந்தான். அதில் ஊசி வீரன் வாளோடு குதித்துத் தட்டம்மையானை வெட்டுவான். ஒரே கைதட்டல்!

படம் முடிந்ததும் வழக்கம்போல, "சண்டை போட்டது யாரு?" என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பு முழுவதும், "ஊசி வீரன்!" என்றது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும், "மருந்து தீர்ந்துபோச்சுன்னா, டீச்சர்?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஊசி சண்டை போடுவதில்லையே, ஆளைக் காட்டித்தானே கொடுக்கிறது?

அன்றிரவே படத்தை மாற்றினோம். வாள் போயிற்று. ஊசி இப்போது ஒரு வண்டி. அதில் வந்து இறங்குபவன் தட்டம்மையானேதான், ஆனால் பல் பிடுங்கின பாம்பு மாதிரி. உண்மையிலும் அந்த ஊசியில் இருப்பது வலுக் குறைத்த கிருமிதான். உடம்பின் காவலர்கள் அவனைச் சுற்றி நின்று, கைக்குச் சரியாகப் பொருந்தும் விலங்கைத் தேடுவார்கள். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வேலை முடிந்ததும் காவலர்களில் பெரும்பாலோர் போய்விடுவார்கள். ஏட்டு ஏகாம்பரம் மட்டும் அவன் படத்தையும் விலங்கின் அளவையும் நோட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நிஜத் தட்டம்மையான் நுழைந்தால் பெருகிக் காய்ச்சல் கொடுக்கச் சுமார் பத்து நாள் எடுப்பான். புதிதாக விலங்கு தேடினால் பிந்திவிடும். நோட்டு இருந்தால் முந்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோதுதான் பிள்ளைகள் முகம் தெளிந்தது. (ரூபெல்லாவுக்குத் தனி வில்லன் வைக்கவில்லை. ஒரு படத்துக்கு ஒரு வில்லன் போதும்.)

கடைசியில் மூன்றே கேள்வி. சண்டை போட்டது யார்? ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடுமா? எல்லாக் காய்ச்சலையும் இது தடுக்குமா? பதிலைப் படத்தில் சொல்லவில்லை. பிள்ளைகளையே சொல்ல வைத்தேன். மூன்றாவதில் பாதிப்பேர் "ஆமாம்" என்றார்கள். ஏட்டின் நோட்டை மறுபடி ஓடவிட்டு, அதில் யார் யார் படம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒரு தாய் கோபமாக வந்தார். "ஊசி போட்டும் இவனுக்குச் சளி பிடிச்சிருக்கே டீச்சர், எதுக்கு இந்த ஊசி? சின்னவளுக்கு நான் போட மாட்டேன்." நான் வாயைத் திறக்குமுன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையன் சொன்னான்: "அம்மா, ஏட்டு நோட்டுல சளிக்காரன் படமே இல்லம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "யாருடா அந்த ஏட்டு?" என்றார். அவரையும் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். அடுத்த வாரம் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வரிசையில் நின்றிருந்தார்.