எண்ணிக்கையும் எடையும்

தூத்துக்குடி மக்ரூனில் முந்திரியை நீக்கினால் எஞ்சுவது மெரிங். பெங்களூரு விடுதி நண்பர்களுக்காகச் சென்ற கிறிஸ்துமஸுக்கு அதைச் செய்தேன். நான்கு முட்டைக்கு 240 கிராம் சர்க்கரை என்பது அம்மாவின் கணக்கு. அதை நம்பி, இருபது முட்டைக்கு 1,200 கிராம் சேர்த்தேன். வெந்தபின் மேற்பரப்பில் பாகு முத்து முத்தாய்க் கசிந்திருந்தது. கரையாத சர்க்கரை பல்லில் நெறுநெறுத்தது.

அம்மாவின் முட்டைகளில் வெண்கரு தலா 30 கிராம். என்னுடையவை சிறியவை. மறுமுறை நிறுத்தபோது இருபதிலும் கிடைத்தது 500 கிராமே. மொறுமொறுப்பான மெரிங்குக்கு வெண்கருவின் எடையைப்போல் இருமடங்கு சர்க்கரை வேண்டும். அதாவது 1,000 கிராம். முன்பு 200 கிராம் மிகையாகிவிட்டது.

இம்முறை வெண்கருவை அடித்தபடியே, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாய்ச் சேர்த்தேன். நுரையை விரலிடையில் தேய்த்து, மணல் தட்டாதவரை அடித்தேன். அம்மாவின் கணக்கு பிழையன்று; அதன் அலகு முட்டையன்று, எடை.