சீனி இல்லாத சொக்லேட்டும் அம்மம்மாவின் வயிறும்

போன ஆவணியில் கனடாவிலிருந்து சின்னம்மா வந்திருந்தா. அம்மம்மாவுக்கு 14 வருடமாக சீனி வருத்தம். அதனால் அவவுக்கென்று தனியாக ஒரு பை: சீனி இல்லாத சொக்லேட், சீனி இல்லாத மின்ற் ரொபி, தேத்தண்ணிக்குப் போட எரித்ரிட்டோல் என்று ஒரு வெள்ளைத் தூள். "அம்மா, இதை நீங்கள் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று சின்னம்மா சொன்னதை அம்மம்மா அப்படியே எடுத்துக்கொண்டா. கோண்டாவில் வீட்டில் அன்று பின்னேரம் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குள் 100 கிராம் கட்டியில் எட்டுத் துண்டு முடிந்துவிட்டது.

இரவு பத்து மணிக்கு வயிறு ஊதி, இரைந்து, பிறகு வயித்தாலை போகத் தொடங்கியது. விடியும்வரை ஐந்து தரம். காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, அதே சோறு கறி சாப்பிட்ட எங்களுக்கு ஒன்றுமில்லை. ஜீவனி கரைத்துக் கொடுத்தோம். காலையில் சரியாகிவிட்டது. ஆனால் அம்மம்மா பழியைப் போட்டது மெட்போமின் குளிசையில். அதுவும் வயிற்றைக் குழப்பும் என்று கிளினிக்கில் யாரோ சொன்னது அவவுக்கு ஞாபகம். எங்களுக்குச் சொல்லாமல் குளிசையை நிப்பாட்டிவிட்டு, மிச்சச் சொக்லேட்டையும் ரொபியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்தா. வயிறும் விட்டுவிட்டுக் குழம்பியது. ஐந்தாம் நாள் காலை வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தால் மெசினில் 210.

அன்றைக்குத்தான் குப்பைக்குள்ளிருந்து சொக்லேட் பைக்கற்றை எடுத்து வாசித்தோம். நாங்கள் கலைப்பீடம், ஓ.எல். உடன் விஞ்ஞானப் புத்தகத்தை மூடியவர்கள். கனடாப் பைக்கற்றில் சத்து அட்டவணைக்குள் சீனி அற்ககோல் என்று தனி வரி இருக்கும். மூன்று துண்டுக்கு, அதாவது 30 கிராமுக்கு, 12 கிராம். ("சாராயமோ பிள்ளை உது?" என்று அம்மம்மா பதறினா. பேர் மட்டும்தான் அப்படி, வெறிக்காது.) அப்ப எட்டுத் துண்டுக்கு 32 கிராம். பழக்கமில்லாத வயிறு ஒன்றைக் குழப்ப அது போதும்.

அந்தச் சொக்லேட்டில் இருந்தது மால்ற்றிட்டோல். சிறுகுடல் இதை முழுக்க உறிஞ்சாது. மிஞ்சினது தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே உள்ள பக்ரீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். ஊதல், இரைச்சல், பிறகு ஓட்டம் எல்லாம் அதே வரிசையில் நடந்ததுதான். கிருமியில்லை, பழுதான சாப்பாடில்லை. சாப்பிட்டுச் சில மணித்தியாலத்தில் தொடங்கி, நிப்பாட்டினால் நிற்கும். ரொபியில் இருந்த சைலிட்டோலும் இதே வேலையைத்தான் செய்யும். ஒன்றிரண்டு சூப்பினால் தெரியாது, கை நிறைய எடுத்தால் தெரியும்.

இன்னொன்று, மால்ற்றிட்டோல் 'ஒன்றுமில்லாத' சாமான் இல்லை. அதில் ஒரு பகுதி குளுக்கோசாக உடைந்து இரத்தத்துக்குப் போகும். சீனியைவிட மெதுவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றும். 210க்குப் பெரிய காரணம் நிப்பாட்டின குளிசைதான். அதுக்கு மேல் இதுவும் சேர்ந்திருக்கும்.

எரித்ரிட்டோல் தூளின் கதை வேறு. அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, மாறாமல் சிறுநீரோடு போய்விடும். அதனால் வயிற்றுக்கு மற்றவற்றைவிடச் சாது, இரத்தச் சீனியையும் ஏற்றாது. கேள்வி வருவது அந்த உறிஞ்சுதலில்தான். 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டோல் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். 30 கிராம் கரைத்துக் குடித்தவர்களின் இரத்தத்தில் அது இரண்டு நாளுக்கு மேல் உயர்ந்தே நின்றது. அடுத்த வருடம் சைலிட்டோலுக்கும் இதேபோல ஒரு ஆய்வு. ஆனால் எங்கட உடம்பு தானாகவும் எரித்ரிட்டோல் செய்யும். ஆய்வில் இருந்தவர்களில் பலர் ஏற்கனவே இதய வருத்தக்காரர். அப்ப அது வருத்தத்தின் காரணமா, வருத்தத்தின் அடையாளமா என்பது தீரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதே 2023இல் நாளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு அரைக் கிராம் என்று எல்லை வைத்தது. அந்த எல்லைக்கு அடிப்படை வயிற்றோட்டம்தான், இதயம் இல்லை. 52 கிலோ அம்மம்மாவுக்கு அது 26 கிராம். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி என்றால் அந்தளவுக்குப் போகாது. என்றாலும் பிறசரும் உள்ளவ என்றபடியால் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போடுவோம் என்று தூளை அலுமாரியில் வைத்தோம்.

மின்ற் ரொபியை மட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம், அது எங்கட ஜிம்மிக்காக. நாய்க்குச் சைலிட்டோல் கொஞ்சம் போனாலே இன்சுலின் பீறிட்டு, சீனி விழுந்து, உயிருக்கே ஆபத்து.

கிளினிக்கில் குளிசையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள், சாப்பாட்டோடு. இரண்டு கிழமையில் மெசின் 138 காட்டியது. மிச்சம் இரண்டு துண்டு சொக்லேட் இன்னும் பிறிச்சில் கிடக்கிறது. "ஒரு துண்டு எத்தினை கிராம் எண்டனி?" என்று அம்மம்மா நேற்றும் கேட்டா.