ஆமாம் சார்

"ஆமாம் சார், நான்தான் எடுத்தேன்" என்று அவன் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. காணாமல்போனது ஒரு பென்டிரைவ். பெரிய விலை இல்லை. ஆனால் இரண்டு மாதமாகத் தயாரித்த பாடங்கள் அதில்தான் இருந்தன. வார இறுதிகளில் திருப்பத்தூரிலிருந்து வண்டியில் ஏறி, புதூர்நாட்டில் சில பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதினோரு வயது. அன்றைக்கு மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

"நீதானே எடுத்த?" என்று கேட்டேன். ஆமாம் என்றான். "எங்க வெச்ச?" என்றதும், ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்கு அடியில் என்றான். அரைமணி நேரம் தேடினோம். பாறையைக்கூடத் தடுமாறாமல் காட்டினான். அதற்கடியில் ஒன்றும் இல்லை. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவனை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினேன்.

அடுத்த வாரம் என் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் அந்தப் பென்டிரைவ் கிடைத்தது.

செய்யாததை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? அடிக்குப் பயந்து என்றால் இல்லை என்றல்லவா சொல்ல வேண்டும்? இதை என் அண்ணியிடம் சொன்னேன். அவர் மருத்துவ உளவியலாளர், குழந்தைகளை மதிப்பிடுவதுதான் வேலை. பதில் சொல்லாமல் திருப்பி என்னையே கேட்டார்.

"தம்பி, நேத்து தெரிஞ்சது இன்னைக்குத் தெரியலன்னு சொல்வானா?"

சொல்வான். சனிக்கிழமை ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிப்பான், ஞாயிற்றுக்கிழமை முழிப்பான். பேச்சு மட்டும் அருவி மாதிரி வரும், அதனாலேயே திமிர் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். திட்டு வாங்கிய அதே தப்பை அடுத்த மணியே செய்வான்.

"அவங்கம்மா கர்ப்பமா இருந்தப்ப சாராயம் குடிச்சிருந்தா இப்படி ஆகலாம். வேற காரணமும் இருக்கலாம். பாக்காம சொல்ல மாட்டேன்" என்றார்.

கருநிலை மது பாதிப்பு என்று தமிழில் சொல்லலாம், மருத்துவர்கள் எஃப்ஏஎஸ்டி என்பார்கள். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது. அதைச் சிதைக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு அநேகமாக இல்லை. இதை 1968இல் பிரான்சில் லெமுவான் எழுதினார், 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் பெயர் வைத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி முகம்: சிறிய கண்திறப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத சமதளம், மெல்லிய மேலுதடு. ஆனால் அந்த முகம் உருவாவது கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஒரு சின்ன இடைவெளியில். மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களின் முகத்தில் ஒன்றும் தெரியாது. இவன் முகத்திலும் தெரியவில்லை.

திருட்டை ஒப்புக்கொண்டதும் இதோடு சேர்ந்ததுதான் என்றார் அண்ணி. நினைவில் ஓட்டை இருந்தால் மூளை கிடைத்ததை வைத்து அடைக்கும். நான் "நீதானே" என்று கேட்டு அடைப்பதற்கான துண்டையும் கையில் கொடுத்துவிட்டேன். பாறை அவன் சொன்ன பொய் இல்லை. அவனைப் பொறுத்தவரை அது நடந்தது.

அவனுக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பீடு நடந்திருந்தது. ஏதோ ஒரு முகாமில், ஒரே உட்காரலில், நுண்ணறிவு ஈவு 78 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறிவுசார் குறைபாடு என்று சொல்ல ஏறத்தாழ 70க்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் 'கவனம் செலுத்தினால் படிப்பான்' என்று முடித்திருந்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு: சர்வரின் சராசரி வேகம் நன்றாக இருக்கும், ஆனால் நூறில் ஐந்து பேருக்குப் பக்கமே திறக்காது. 78 அப்படியொரு சராசரி. வடிவங்களைப் பொருத்துவதில் தன் வயதுக்கு ஏற்றபடி இருந்தான். கேட்ட எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் தரைமட்டம். இரண்டையும் கூட்டி வகுத்துவிட்டார்கள்.

அண்ணி மூன்று காலைகள் வந்தார். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்தோமா என்பதை உறுதிசெய்துகொண்டார். தைராய்டு, ரத்தசோகை, குறைமாதப் பிறப்பு, பள்ளிக்கு வராத மாதங்கள் என்று வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு ஒரு நாளுக்கு நாற்பது நிமிடம், அதற்கு மேல் இல்லை. சோர்ந்த மூளையை அளந்தால் சோர்வுதான் கிடைக்கும் என்றார். முதல் நாள் கற்ற பத்துப் படங்களை மறுநாளும் மூன்றாம் நாளும் கேட்டார். அவனுக்கு நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வரும் என்பது அப்போதுதான் எண்களாகத் தெரிந்தது.

கேள்விகளை அவர் கேட்கவில்லை. மலையிலேயே பிறந்த ஓர் அக்கா அந்த ஊர்ப் பேச்சில் கேட்டார். பேச்சு தேவைப்படாத சோதனைகளுக்கே முதலிடம். பூங்காவையும் ரயிலையும் காட்டும் படங்களை எடுத்துவிட்டுச் சாமை குத்துவது, ஆட்டைக் கணக்கிடுவது என்று மாற்றினார். ஆனால் மாற்றிய இடங்களில் அச்சிட்ட மதிப்பெண் அட்டவணையைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். கேள்வியை மாற்றினால் அளவுகோலும் செல்லாது, அங்கே என்ன பார்த்தேன் என்று மட்டுமே எழுதுவேன் என்றார். கடைசியில் ஐம்பது ரூபாயும் ஒரு பட்டியலும் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். முதல் பொருளை வாங்கிவிட்டுத் திரும்பி வந்தான், மீதியைக் கேட்க மறந்து. பட்டியல் கையில்தான் இருந்தது. 78 என்ற எண்ணுக்குள் இது இல்லை.

இந்த முறையை அவர் ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கிலிருந்து கற்றதாகச் சொன்னார். அங்கே பழங்குடிப் பெண்கள் 2007இல் தாங்களே மது விற்பனைக்குக் கட்டுப்பாடு கேட்டு வாங்கினார்கள். பிறகு 2002, 2003இல் பிறந்த பிள்ளைகளை மதிப்பிடத் தாங்களே ஆராய்ச்சியாளர்களை அழைத்தார்கள். 'லிலில்வான்' என்று அதற்குப் பெயர், சின்னஞ்சிறுசுகள் எல்லோரும் என்று பொருள். அந்த ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாகப் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பாதிப்பு தெரிந்தது.

இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. மலைவாழ் மக்கள் குடிகாரர்கள் என்று கீழே பேசும் பேச்சுக்கு இன்னொரு சாட்சியாக இது ஆகிவிடக் கூடாது. நகரத்துப் பார்ட்டிகளில் குடிக்கும் பெண்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்பதுதான் கடினம். "கர்ப்பத்துல குடிச்சீங்களா?" என்றால் இல்லை என்றுதான் வரும். அண்ணி வேறு வழியில் போனார். வயிற்றில் பிள்ளை இருப்பது எப்போது தெரிந்தது? ஐந்தாம் மாதம் என்றார் அந்த அம்மா. அதற்கு முன்னால் திருவிழா, அறுப்பு நாட்களில் வழக்கம் எப்படி? எந்தத் தம்ளரில்? அம்மா தம்ளரைக் கொண்டுவந்தார். அண்ணி அதில் தண்ணீர் ஊற்றி அளந்தார். கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் சுமார் 61 கிராம் சாராயம், பத்து கிராமை ஓர் அளவாகக் கொண்டால் ஆறு அளவு. காய்ச்சும் சாராயத்துக்கு லேபிள் இல்லை. தம்ளரின் அளவு தெரிந்தது, வீரியம் தெரியவில்லை. அறிக்கையில் அப்படியே எழுதினார்.

"அப்ப என்னாலதான்..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல" என்றார் அண்ணி. பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

கனடாவின் 2015 வழிகாட்டியில் மூளையின் வேலையைப் பத்துக் களங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றிலாவது கடுமையான குறை வேண்டும். இவனுக்கு நினைவு, திட்டமிடல், அன்றாட வாழ்க்கைத் திறன் மூன்றிலும் இருப்பதாக அண்ணி கருதினார். ஆனால் இங்கே அச்சிட்ட அட்டவணையால் நிரூபிக்க முடிந்தது நினைவை மட்டும். குடித்த அளவும் மங்கல். எனவே 'வாய்ப்பு அதிகம்' என்றுதான் எழுதினார். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்தப் பெயர் இல்லை, அதனால் அந்தத் தாளை வைத்துச் சான்றிதழும் கிடைக்காது. இப்போது நான் ஒரு சமயத்தில் ஒரு கட்டளைதான் கொடுக்கிறேன். அடுத்து என்ன என்பதைச் சுவரில் நான்கு படங்களாக ஒட்டியிருக்கிறேன். "நீதானே" என்று ஆரம்பிக்கும் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவனைத் தனியாக உட்காரவைத்துப் பென்டிரைவைக் காட்டினேன். "இது என் ஜாக்கெட்லயேதான் இருந்துச்சுடா. நீ எடுக்கல. தப்பு என்மேலதான்."

அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆமாம் சார்" என்றான். "பாறைக்கு அடியிலதான வெச்சேன், எப்படி சார் எடுத்தீங்க?"